ஒளிர்வு விசையை அழுத்தியும் அசையாத திரை: மடிக்கணினியில் கோளாறு எங்கே?

ஜோர்ஜ்டவுன்: விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. அதையொட்டிப் பழைய மடிக்கணினியைத் துடைத்துவிட்டு விண்டோஸ் 11 போட்டவர்கள் உண்டு. லினக்ஸ் பக்கம் போனவர்களும் உண்டு. இப்படி இயங்குதளத்தை மாற்றிய கையோடு தலைகாட்டும் கோளாறுகளில் ஒன்று, சூரியப் படம் போட்ட விசையை எத்தனை முறை அழுத்தினாலும் திரையின் வெளிச்சம் கூடாமலும் குறையாமலும் ஒரே நிலையில் நின்றுவிடுவது.

பகலில் ஐந்தடி நடைபாதையோரக் கடையில் கணக்குப் பார்ப்பவருக்கு அந்த வெளிச்சம் போதாது. இரவில் அறையில் எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அதே வெளிச்சம் கண்ணைக் கூசும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். இதைவிடப் பெரிய தொல்லை பழுதுபார்க்கப் போகும்போதுதான் வருகிறது. "திரை போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லப்பட்டால் சில நூறு ரிங்கிட் செலவாகும். இயங்குதளத்தை மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால், பெரும்பாலும் திரையில் எந்தக் குறையும் இருக்காது. டிரைவர் ஒன்றைப் போட்டாலே சரியாகிவிடும். சில வேளைகளில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாலே போதும்.

எது பழுது என்பதைக் கணினியைத் திறக்காமலே வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அதற்கு, விசையில் விரல் பட்டதிலிருந்து திரையில் வெளிச்சம் மாறும் வரை என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

விரலிலிருந்து விளக்கு வரை

மடிக்கணினியின் விசைப்பலகைக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. முதன்மைச் செயலியிலிருந்து தனியாக இயங்கும் இது விசைகள், பேட்டரி, காற்றாடி போன்றவற்றைக் கவனித்துக்கொள்கிறது. Fn விசை அழுத்தப்பட்டதா இல்லையா என்பது பெரும்பாலான கணினிகளில் இந்தச் சில்லுக்கு மட்டுமே தெரியும், விண்டோசுக்குத் தெரியாது. மேல்வரிசையில் உள்ள ஒரே விசையை F5 என்று விண்டோசுக்கு அனுப்புவதா, "பயனர் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்கிறார்" என்று அனுப்புவதா என்பதை முடிவு செய்வது இந்தச் சில்லுதான். இது முதல் கட்டம்.

இரண்டாம் கட்டம் டிரைவருடையது. வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும் செய்தி வந்ததும், விண்டோஸ் தன்னிடமுள்ள ஒளிர்வு எண்ணைக் குறைத்து, அதை வரைகலை டிரைவரிடம் கொடுக்கிறது. இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகிய மூன்றில் எது திரையை ஓட்டுகிறதோ அதன் டிரைவர்தான் அந்த எண்ணை உண்மையான மின்குறிப்பாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது கட்டம் திரை. எல்சிடி திரைக்குத் தானாக ஒளி கிடையாது. அதற்குப் பின்னால் எல்இடி விளக்கு வரிசை ஒன்று எரிகிறது. பல திரைகளில் இதை மங்கவைக்கும் வழி, விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவதுதான். நொடிக்கு 200 முறை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 5 மில்லி நொடி. ஒளிர்வு 30 விழுக்காடு என்றால் அதில் 1.5 மில்லி நொடி மட்டும் விளக்கு எரியும், மீதி நேரம் அணைந்திருக்கும். கண்ணுக்கு அது மங்கலான வெளிச்சமாகத் தெரியும். இந்த அணை-எரி குறிப்பு, திரைக்குப் போகும் வயரில் தனக்கென ஒரு தனி இழையில் செல்கிறது. படம் போகும் இழைகள் வேறு. படம் பளிச்சென்று வருகிறது என்பதால் ஒளிர்வு இழையும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது விசையை அல்ல

பலரும் விசையையே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கிறார்கள். அதனால் ஒன்றும் தெரியவராது. பார்க்க வேண்டியது விண்டோசில் உள்ள ஒளிர்வுப் பட்டை. விண்டோஸ் 11-இல் கடிகாரத்துக்கு இடப்பக்கம் உள்ள வைஃபை, ஒலி, பேட்டரிக் குறிகளைத் தட்டினால், சூரியப் படத்துடன் ஒரு நகர்த்துப் பட்டை வரும். Settings பகுதியில் System, பிறகு Display என்று போனாலும் அது இருக்கும். அதை மவுசால் இடமும் வலமுமாக இழுத்துப் பாருங்கள்.

இழுத்ததும் வெளிச்சம் மாறுகிறது என்றால் டிரைவரும் திரையும் நலமாக இருக்கின்றன. சிக்கல் விசைப் பக்கத்தில்தான்.

பட்டையையே காணவில்லை, அல்லது அது சாம்பல் நிறமாகி நகர மறுக்கிறது என்றால், திரையின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் வழி விண்டோசுக்குக் கிடைக்கவில்லை. சந்தேகம் டிரைவர் மீது.

பட்டை தாராளமாக நகர்கிறது, ஆனால் திரை அப்படியே நிற்கிறது என்றால், எண் மாறுகிறது. அந்த எண் விளக்கைப் போய்ச் சேரவில்லை. இங்கே டிரைவர் தவறான வழியில் அனுப்புவதாகவும் இருக்கலாம், வயரோ திரையோ பழுதாகவும் இருக்கலாம். மூன்றிலும் கடினமானது இதுதான்.

விசையை அழுத்தும்போது திரையில் தோன்றி மறையும் ஒளிர்வுக் குறியை மட்டும் நம்பிவிட வேண்டாம். சில கணினிகளில் அதை வரைவது விண்டோஸ் அல்ல, தயாரிப்பாளரின் துணைச் செயலி. விசையின் செய்தி தனக்கு வந்துவிட்டது என்பதை மட்டுமே அந்தச் செயலி காட்டும். வெளிச்சம் மாறியதா என்பது அதற்குத் தெரியாது.

வெளித்திரை இணைத்திருப்பவர்கள் இந்தச் சோதனைக்கு முன் அதைக் கழற்றிவிடுவது நல்லது. எச்டிஎம்ஐ வயரில் இணைத்த மானிட்டர் மடிக்கணினியின் ஒளிர்வு விசைக்குப் பொதுவாகக் கட்டுப்படாது. அதன் வெளிச்சத்தை அதன் பொத்தான்களில்தான் மாற்ற வேண்டும். "இரண்டாம் திரை மட்டும்" என்ற நிலையில் கணினி இருந்தால் பட்டை காணாமல் போவதும் இயல்பே. அது கோளாறு அல்ல.

விசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால்

மேல்வரிசை விசைகளுக்கு இரட்டை வேலை உண்டு. ஒரு நிலையில் அவை நேரடியாக ஒளிர்வு, ஒலி முதலியவற்றை மாற்றும். F1, F2 வேண்டுமானால் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். மறுநிலையில் இது தலைகீழாகும். எந்த நிலையில் கணினி இருக்கிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சூரியப் படம் F5 விசையில் இருந்தால், ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதை அழுத்துங்கள். பக்கம் மறுபடி ஏறினால், விசை F5 ஆகத்தான் விண்டோசுக்குப் போகிறது. சூரியன் F2-இல் இருந்தால் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து அழுத்திப் பாருங்கள். பெயர் மாற்றும் கட்டம் திறந்தால் அதே பொருள்தான்.

அப்படியானால் Fn விசையைப் பிடித்துக்கொண்டு சூரிய விசையை அழுத்தினால் வெளிச்சம் மாற வேண்டும். மாறினால் பழுது ஏதும் இல்லை, நிலை மட்டும்தான் மாறியிருக்கிறது. பழைய நிலைக்குக் கொண்டுவர, லெனோவோ, டெல், ஆசுஸ் நிறுவனங்களின் பல மாடல்களில் Fn-உடன் Esc விசையை ஒருமுறை அழுத்தினால் போதும். Esc விசையில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் இந்த வசதி உண்டு என்று பொருள். எச்பி கணினிகள் பலவற்றில் இதைப் பயோஸ் அமைப்புக்குள் Action Keys Mode என்ற இடத்தில் மாற்ற வேண்டும். லெனோவோவின் சில மாடல்களில் அங்கே HotKey Mode என்று இருக்கும். குழந்தைகள் விசைப்பலகையில் விளையாடும் வீடுகளில் இந்தப் பூட்டு தற்செயலாக விழுந்துவிடுவதும் உண்டு.

Fn சேர்த்தும் சேர்க்காமலும் அழுத்திப் பார்த்து இரண்டிலும் ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் பட்டை மட்டும் வேலை செய்கிறது என்றால், விசைச் செய்தியை விண்டோசிடம் சேர்ப்பிக்கும் துணை டிரைவர் விடுபட்டிருக்கலாம். புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் இது நடக்கும். தயாரிப்பாளரின் ஆதரவுத் தளத்தில் உங்கள் மாடலுக்கான பட்டியலில் Hotkey அல்லது System Control Interface போன்ற பெயர்களில் அது கிடைக்கும். ஒலியளவு விசை போன்ற மற்ற விசைகளும் சேர்ந்தே செத்துக் கிடந்தால் இந்த ஊகம் மேலும் வலுக்கும்.

பட்டையே இல்லை என்றால்

இங்குதான் பெரும்பாலான பினாங்கு வீட்டுக் கதைகளும் வந்து முடியும், எனவே ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். ஐந்தாம் படிவ மாணவி ஒருவரின் மடிக்கணினி என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கணினி திறக்கிறது, இணையம் வருகிறது, ஆனால் திரை முழு வெளிச்சத்தில் நிற்கிறது. விசை அசையவில்லை. பட்டையைத் தேடினால் அதையும் காணோம். எழுத்துகள் கொஞ்சம் பெரிதாகவும் மங்கலாகவும் தெரிகின்றன. இந்தக் கடைசி அறிகுறியைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை; உண்மையில் அதுவே பாதி விடை.

Start பொத்தானை வலச்சொடுக்கிட்டு Device Manager-ஐத் திறந்து, Display adapters என்ற வரியை விரித்துப் பார்க்கிறார்கள். அங்கே இன்டெல் என்றோ ஏஎம்டி என்றோ பெயர் இல்லை. இருப்பது Microsoft Basic Display Adapter.

இது விண்டோசுடன் வரும் தற்காலிக டிரைவர். கணினியைப் போட்டதும் பயோஸ் திரையை எந்த நிலையில் எழுப்பிவிடுகிறதோ, அதே நிலையில் படத்தை வரைந்துகொண்டே இருப்பதுதான் இதன் வேலை. பின்னொளியை எப்படித் தொடுவது என்பது இதற்குத் தெரியாது. திரையின் உண்மையான நுணுக்க அளவும் சில வேளை இதற்குக் கிடைப்பதில்லை. எழுத்து மங்கலாவது அதனால்தான். பயோஸ் எந்த வெளிச்சத்தில் விட்டதோ அதிலேயே திரை நின்றுபோவதற்குக் காரணம், அதன் பிறகு அந்த விளக்கை யாரும் தொடாததே.

சரிசெய்ய, இணையத்தில் இணைத்துக்கொண்டு Settings பகுதியில் Windows Update-ஐ ஓடவிட வேண்டும். பெரும்பாலும் சரியான டிரைவர் அதிலேயே வந்துவிடும். வராவிட்டால் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் தேட வேண்டும். அங்கே விண்டோஸ் 10-க்கான டிரைவர் மட்டும் இருந்தால் அதையே போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் 11-இலும் அது ஓடும். "எல்லா டிரைவர்களையும் தானே கண்டுபிடிக்கும்" என்று விளம்பரம் செய்யும் அறியாத செயலிகளின் பக்கம் போகாதிருப்பது நல்லது.

டிரைவரைப் போட்டபின் Restart கொடுக்க வேண்டும், Shut down அல்ல. இது சின்ன விஷயம்தான், ஆனால் பலரை அலைக்கழிக்கிறது. விண்டோசில் Fast Startup இயங்கும்போது, Shut down செய்தால் இயங்குதளத்தின் உட்பகுதி முழுதாக அணைவதில்லை. அதன் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. குழம்பிய டிரைவரும் அதோடு சேர்ந்து எழும். Restart ஒன்றுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

நமது எடுத்துக்காட்டில், மறுதொடக்கத்துக்குப் பிறகு எழுத்துகள் கூர்மையாகின்றன, பட்டை தோன்றுகிறது, இழுத்தால் வெளிச்சம் மாறுகிறது. ஆனால் விசை இன்னும் அசையவில்லை! தங்கை இணையப் பக்கத்தில் அழுத்திப் பார்க்கிறார். பக்கம் மறுபடி ஏறுகிறது. Fn-உடன் Esc அழுத்தியதும் அதுவும் சரியாகிவிடுகிறது. ஒரே அறிகுறிக்குப் பின்னால் இரண்டு கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. முதலிலேயே Fn-உடன் Esc அழுத்திப் பார்த்திருந்தால், டிரைவர் இல்லாததால் ஒன்றும் நடந்திருக்காது. "இது காரணமில்லை" என்று அதை ஒதுக்கியிருப்பார்கள். பட்டையை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

Display adapters வரியில் சரியான பெயரே இருந்தும் பட்டை இல்லையென்றால், அதே Device Manager-இல் Monitors என்ற வரியை விரித்துப் பாருங்கள். அங்கே Generic PnP Monitor என்று இருப்பதன் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி தெரிந்தால், அது முடக்கப்பட்டிருக்கிறது. வலச்சொடுக்கிட்டு Enable device கொடுத்தால் பட்டை திரும்பிவிடலாம். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் சில செயலிகள் தங்களுடைய போலி மானிட்டர் டிரைவரை இங்கே போட்டுவிட்டுப் போவதும் உண்டு. தேவையில்லையெனில் அதை நீக்கலாம்.

நேற்று வரை வேலை செய்தது, இன்று காலை புதுப்பிப்பு ஏறியதும் நின்றுவிட்டது என்பவர்களுக்கு வழி வேறு. Display adapters வரியில் உள்ள பெயரை இருமுறை சொடுக்கி, Driver என்ற பக்கத்தில் Roll Back Driver என்ற பொத்தானைப் பார்க்க வேண்டும். அது அழுத்தக்கூடிய நிலையில் இருந்தால் முந்தைய டிரைவர் இன்னும் கணினியில் இருக்கிறது, அதற்குத் திரும்பிவிடலாம்.

விளையாட்டுக்கான மடிக்கணினிகளில் இரண்டு வரைகலைச் சில்லுகள் இருக்கும். திரையை இன்டெல் ஓட்டுகிறதா, என்விடியா ஓட்டுகிறதா என்பதை மாற்றும் வசதியும் சிலவற்றில் உண்டு. அதை மாற்றிய பிறகு விசை நின்றுபோனால், இப்போது திரையை ஓட்டும் சில்லின் டிரைவரைத்தான் புதுப்பிக்க வேண்டும். மற்றதைப் புதுப்பித்துப் பயனில்லை.

பட்டை நகர்கிறது, திரை நகரவில்லை என்றால்

முதலில் விண்டோஸ் எந்த எண்ணை வைத்திருக்கிறது என்று கேட்கலாம். Start-இல் PowerShell என்று தேடித் திறந்து கீழ்வரும் வரியைத் தட்டச்சு செய்யுங்கள்.

```
(Get-CimInstance -Namespace root/WMI -ClassName WmiMonitorBrightness).CurrentBrightness
```

0 முதல் 100 வரை ஓர் எண் வரும். பட்டையை நகர்த்திவிட்டு மறுபடி கேட்டால் எண் மாறியிருக்க வேண்டும். Not supported என்று பதில் வந்தால், திரையைக் கட்டுப்படுத்தும் வழியை டிரைவர் விண்டோசுக்குத் தரவில்லை. மேலே சொன்ன டிரைவர் பகுதிக்கே திரும்ப வேண்டும். எண் 80-லிருந்து 20-க்கு இறங்கியும் திரை அசையவில்லை என்றால், செய்தி டிரைவரைத் தாண்டிய பிறகோ டிரைவருக்குள்ளேயோ தொலைகிறது.

இந்த இரண்டில் எது என்று பிரிக்க, விண்டோஸ் இல்லாமலே சோதிக்க வேண்டும். கணினியை எழுப்பும்போது பயோஸ் அமைப்புக்குள் நுழைந்து அங்கே ஒளிர்வு விசையை அழுத்திப் பார்க்கலாம். வெளிச்சம் மாறினால் வயரும் திரையும் நன்றாகவே இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. மாறாவிட்டால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், ஏனெனில் பல கணினிகளின் பயோஸ் அந்த விசையைக் கவனிப்பதே இல்லை. அடுத்த வழி, உபுண்டுவைப் பென்டிரைவில் எழுதி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே எழுப்பிப் பார்ப்பது. டெர்மினலில் இப்படிக் கேட்கலாம்.

```
ls /sys/class/backlight
```

இன்டெல் கணினியில் intel_backlight என்று வரலாம். ஏஎம்டி என்றால் amdgpu_bl என்று தொடங்கும். அந்தப் பெயரைக் கொண்டு உச்ச அளவைக் கேட்டு, அதில் கால்பங்கை எழுதிப் பார்க்க வேண்டும். உச்சம் 1200 என்றால் 300.

```
cat /sys/class/backlight/intel_backlight/max_brightness
echo 300 | sudo tee /sys/class/backlight/intel_backlight/brightness
```

திரை மங்கினால் பழுது விண்டோஸ் டிரைவரில் இருக்கிறது, திரையில் இல்லை. கடைக்குப் போக வேண்டியதில்லை.

அதே பட்டியலில் சில வேளை இரண்டு பெயர்கள் வரும்: intel_backlight ஒன்று, acpi_video0 மற்றொன்று. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. லினக்சுக்கு மாறியவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது. முன்பு ஒளிர்வை மாற்றும் வேலை பயோசில் எழுதப்பட்ட ஏசிபிஐ என்ற பொது வழியில் நடந்தது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 அந்த வேலையை வரைகலை டிரைவரிடம் கொடுத்தது. பிறகு வந்த சில கணினிகளில் ஏசிபிஐ வழி பெயருக்கு மட்டும் இருந்தது, அதில் எழுதினால் எதுவும் நடக்கவில்லை. லினக்ஸோ ஒரே திரைக்கு இரண்டு மூன்று கட்டுப்பாடுகளைப் பதிவு செய்து, எது உண்மையானது என்று கண்டுகொள்ளும் பொறுப்பை மேலே உள்ள மென்பொருளிடம் விட்டிருந்தது. அது தவறானதைத் தேர்ந்தெடுத்தால், விசையை அழுத்தினால் பட்டை அழகாக ஏறி இறங்கும், திரை மட்டும் அசையாது. லினக்ஸ் கருவில் நெடுங்காலம் இந்தப் பகுதியைக் கவனித்துவந்த ஹான்ஸ் டி கூட, ஒரு திரைக்கு ஒரு கட்டுப்பாடு மட்டுமே பதிவாகும்படி இதை மாற்றியமைத்தார். அந்த மாற்றம் 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-இல் சேர்ந்தது.

எனவே பழைய லினக்ஸ் பதிப்பு ஓடும் கணினியில் இது நடந்தால், புதிய பதிப்புக்கு மாறுவதே முதல் வழி. அதிலும் லினக்ஸ் தவறான கட்டுப்பாட்டைத் தேர்ந்தால், /etc/default/grub கோப்பில் உள்ள வரியை இப்படி மாற்றலாம்.

```
GRUB_CMDLINE_LINUX_DEFAULT="quiet splash acpi_backlight=native"
```

பிறகு sudo update-grub கொடுத்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். native பலன் தராவிட்டால் அந்த இடத்தில் vendor அல்லது video என்று மாற்றிப் பார்க்கலாம். டிரைவர் நேரடியாகச் செய்வதா, தயாரிப்பாளரின் தனி வழியா, பழைய ஏசிபிஐ வழியா என்பதே இந்த மூன்று சொற்களின் வேறுபாடு.

உண்மையிலேயே திரைதான் என்றால்

விண்டோசிலும் மாறவில்லை, உபுண்டுவிலும் மாறவில்லை என்றால் வயரையோ திரையையோ சந்தேகிக்கலாம். கணினி கீழே விழுந்திருக்கிறதா, மடிப்பு இறுகியிருக்கிறதா, அண்மையில் திரை மாற்றப்பட்டதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். திரைக்குப் போகும் வயர் மடிப்பின் வழியாகத்தான் செல்கிறது. திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது வெளிச்சம் திடீரென்று மாறினால், ஒளிர்வு இழை அங்கே அறுபட்டுக்கொண்டிருக்கிறது. மாற்ற வேண்டியது வயரை, திரையை அல்ல. வயரின் விலை திரையின் விலையைவிடக் குறைவுதான்.

பின்னொளி உண்மையில் மாறுகிறதா என்று கண்ணால் அறிய, அறை விளக்கை அணைத்துவிட்டு முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை நிறைய வைத்துப் பாருங்கள். எல்சிடி திரையில் கறுப்பும் இலேசாக ஒளிரும். பட்டையை இறக்கும்போது அந்த ஒளிர்வும் இறங்கினால் விளக்கு கீழ்ப்படிகிறது. திரையை மங்கவைக்கும் செயலிகள் இந்தச் சோதனையில் பிடிபடும். அவை வெள்ளையைச் சாம்பலாக்குமே தவிர விளக்கைத் தொடுவதில்லை. கறுப்பின் ஒளிர்வு அப்படியே இருக்கும், பேட்டரியும் மிச்சமாகாது. ஓலெட் திரைகளுக்குப் பின்னொளியே கிடையாது என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றில் ஒளிர்வுக் கட்டளை தனி அணை-எரி இழையில் போகாமல் தரவாகப் போகிறது. எனவே அங்கே வயரைவிட டிரைவர் மீதுதான் முதலில் சந்தேகம் வர வேண்டும்.

திரை மாற்றிய நாளிலிருந்துதான் இந்தக் கோளாறு என்றால், அளவும் இணைப்பானும் பொருந்தியும் ஒளிர்வுக் குறிப்பைச் சரியாக ஏற்காத வேறு வகைத் திரை பொருத்தப்பட்டிருக்கலாம்; அல்லது வயர் முழுதாகச் செருகப்படாமல் இருக்கலாம். பழைய திரையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்த மாடல் எண்ணையும் புதியதன் எண்ணையும் கடைக்காரரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். பழைய திரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருபவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆகவே திரை மாற்றக் கொடுக்கும்போதே பழையதைத் திருப்பித் தரச் சொல்லிவிடுவது நல்லது. வாங்கும்போது கடையிலேயே பட்டையை உச்சத்திலிருந்து அடிவரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

தாமே திறந்து பார்க்கத் துணிபவர்கள், திரை வயரைத் தொடும் முன் கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, உள்ளே பேட்டரியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். பின்னொளிக்குப் போகும் மின்சாரம் இருக்கும்போதே வயரைச் செருகினால், தாய்ப்பலகையில் உள்ள அரிசிமணி அளவுச் சின்ன உருகி எரிந்துபோகலாம். அதன் பிறகு திரை முற்றிலும் இருண்டுவிடும்.

சரியாகச் செய்யப்படாத வேலையைத் திருத்தித் தரக் கடை மறுத்தால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். மனுவுக்கான கட்டணம் 5 ரிங்கிட். ரசீது, பழைய, புதிய திரைகளின் மாடல் எண்கள், பட்டை நகர்ந்தும் வெளிச்சம் மாறாததைக் காட்டும் கைப்பேசிக் காணொளி ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். காணொளி எடுக்கும்போது PowerShell காட்டும் எண்ணும் பட்டையும் ஒரே காட்சியில் தெரியும்படி எடுப்பது முக்கியம்.